தேசப்பனுக்கு ஓர் ஆறுதல் கடுதாசி

"எனக்கு ஒரு நோவும் இல்ல பாய்," என்றான் தேசப்பன், மூன்றாவது தடவையாக.

ரியாசுதீன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். "அப்படித்தான் சொல்லுவீங்கன்னு இதுலயே எழுதியிருக்குண்ணா."

"எதுல?"

"கடுதாசில. 'கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்கிறாய்.' ரெண்டாவது வரி."

தேசப்பன் யோசித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை என்று மறுபடி சொன்னால் நோய் உறுதியாகிவிடும். இருக்கிறது என்று சொன்னாலும் உறுதியாகிவிடும். வலை பின்னும் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு பேசாமல் இருந்தான்.

"பேசாமல் இருத்தல்," என்று ரியாசுதீன் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.

வாசலில் மடவை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த கோவிந்தம்மா தலையை நிமிர்த்தினாள். தேசப்பனின் மனைவி. கோட்டைக்குப்பத்தில் அவள் குரலுக்கு மட்டும் அலை சற்று அடங்கும் என்பார்கள். "எங்கூட்டுக்காரருக்கு இன்னா நோவுன்னாவது அதுல போட்டிருக்கா?"

"நோவு இல்லக்கா. ஆறுதல்."

"நோவே இல்லாத ஆளுக்கு ஆறுதல் எதுக்கு?"

நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்வது துபாஷியின் வேலையில்லை. ஒரு மொழியில் வந்ததை இன்னொரு மொழியில் இறக்கிவைப்பதே அவன் வேலை.

ரியாசுதீனுக்கு வயது இருபத்தெட்டு. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டையில், வைத்தியத் துரைக்குத் துபாஷி. ஐந்து வருடங்களாகத் தமிழ் இருமலை ஒல்லாந்துக்குக் கொண்டுபோவதும், ஒல்லாந்துக் கஷாயத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவதுமாகக் காலம் போயிற்று. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, வயிறு எப்படிப் போகிறது. இந்த மூன்று கேள்விகளை நான்கு மொழிகளில் தடங்கலில்லாமல் கேட்பான். வேறு கேள்விகளை அவன் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, துணிக் கிடங்கில் தரம் பார்க்கும் யான் என்ற ஒல்லாந்தன் கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றான். மேலே பெரிய எழுத்தில் 'தேசப்பனுக்கு' என்று ஒல்லாந்தில் எழுதி, அரக்கு வைத்திருந்தான்.

"என் நண்பன் ஒருவன் மனமுடைந்து கிடக்கிறான்," என்றான் யான். "எனக்கு என் மொழியில்தான் எழுத வருகிறது. அவனுக்கு அவன் மொழியில்தான் உறைக்கும். நீதான் மாற்றித் தரவேண்டும்."

"வைத்துவிட்டுப் போங்கள். நாளை பார்க்கிறேன்."

"இப்போதே பிரி. ஒரு வார்த்தை விடாமல் படி. பிறகு கோட்டைக்குப்பத்துக்குப் போய் வாய்விட்டுச் சொல். வெள்ளிக்கிழமை எனக்குக் கப்பல். என் நண்பனின் முகம் தெளிந்தது என்று தெரிந்தால்தான் ஏறுவேன்."

"தெரியாவிட்டால்?"

"ஏற மாட்டேன்."

புரட்டாசியில் இந்தக் கப்பலை விட்டால், மழையும் புயலும் ஓய்ந்து தை பிறக்கும்வரை பத்தாவித் துறைமுகத்துக்கு வேறு கப்பல் கிடையாது; அங்கே போய்த்தான் சொந்த ஊருக்குக் கப்பல் மாற வேண்டும். யான் ஊரைப் பார்த்து ஒன்பது வருடமாகிறது. ரியாசுதீன் கடிதத்தை வாங்கிக்கொண்டான்.

யான் போகாமல் மேசைக்கடியில் இருந்த மரப்பெட்டியைப் பார்த்தான். "அதிலிருப்பதை இன்னும் பிரிக்கவில்லையா?"

"அதுவும் ஆறுதல்தான்," என்றான் ரியாசுதீன். ஆடி மாதத்தில் அவன் வாப்பா அப்துல் ஹை மௌத்தானபோது நாகப்பட்டினம், மசூலிப்பட்டணம் என்று ஏழு இடங்களிலிருந்து கடிதம் வந்தது. தொழில் தெரிந்தவனாகையால், உள்ளே என்ன இருக்கும் என்று பிரிக்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் போட்டுவிட்டு நாலாம் நாளே வேலைக்கு வந்தான். வைத்தியத் துரை அதைப் பாராட்டினார்.

யானும் தேசப்பனும் ஆறு வருடச் சிநேகிதர்கள். ஒருவனுக்குத் தமிழ் தெரியாது, இன்னொருவனுக்கு ஒல்லாந்து தெரியாது என்பது ரியாசுதீன் கணக்கு. அப்படியென்றால் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ரியாசுதீன் கேட்கவில்லை. தான் நடுவில் இல்லாமல் இரண்டு பேர் பேசிக்கொள்ள முடியும் என்ற எண்ணம் துபாஷிகளுக்கு அவ்வளவு எளிதில் வருவதில்லை.

இப்போது, திங்கட்கிழமை காலையில், ரியாசுதீன் தேசப்பன் எதிரில் நின்று முதல் மொழிபெயர்ப்பை உரக்கப் படித்தான்.

"மேற்படி தேசப்பன் அவர்களுக்கு. தங்கள் உள்ளத்தில் தாழ்வு நிலை ஒன்று ஏற்பட்டிருப்பதாக எம்மால் கண்டறியப்பட்டுள்ளது. உணவில் பாதி மீதப்படுதல், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே தாமதம், விடியுமுன் வேலைக்குப் போதல், 'ஒன்றுமில்லை' எனக் கூறுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். தங்கள் உணர்ச்சிகள் இயல்பானவையே. இந்நிலை பலருக்கும் ஏற்படுவதுண்டு. இப்படிக்கு, யான்."

ரியாசுதீன் தாளை இறக்கினான்.

"ஒணர்ச்சியா?" தேசப்பன் காலை நீட்டி விரல்களை ஆட்டிக் காட்டினான். "கை காலு எல்லாத்துலயும் நல்லாத்தான் பாய் ஒணர்ச்சி கீது."

"விடியறதுக்கு முன்ன மீனு புடிக்கப் போவாம, பொழுது சாஞ்சா போவாங்க?" என்றாள் கோவிந்தம்மா. "சரி, யாரு எழுதுனது இத?"

"யான்."

"நீயா?"

"இல்லக்கா. யான்."

"அதத்தான் கேக்கறேன். கூத்துல ராசா வந்து நின்னு 'யான் வந்தேன்'னா, ராசா வந்தாருன்னுதான அர்த்தம்? நீ எழுதிகினு வந்துட்டு தொர மேல பழி போடறியா?"

ரியாசுதீன் விளக்கினான். விளக்கி முடித்தபோது, தேசப்பனுக்கு ஏதோ கண்டறியப்பட்டிருக்கிறது என்பதும், அதற்கு அறிகுறிகள் நான்கு என்பதும், அது பலருக்கும் ஏற்படும் என்பதும் தெரு முழுக்கப் போய்விட்டது. பலருக்கும் ஏற்படும் என்ற இடத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கோவிந்தம்மா ஒரு தட்டில் சோறு போட்டு மடவைக் குழம்பை ஊற்றி அவன் முன் வைத்தாள். "வெயில்ல வந்திருக்க. துன்னு."

ரியாசுதீன் பாதி சாப்பிட்டு எழுந்தான். வெயிலில் வந்தால் அவ்வளவுதான் இறங்குகிறது.

அன்று பகல் தேசப்பன் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டப்பட்டது. தேசப்பனோடு ஒரே படகில் போகும் முனியன், பத்தடி தள்ளி நின்று சொன்னான்: "தப்பா எடுத்துக்காத மாமா. நோவு போவட்டும். அதுவரைக்கும் நான் தனியா போறேன்."

கோட்டையில் யான் எல்லாவற்றையும் கேட்டான். கிடங்கில் ஒரு சலவைத் துணியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்டான். ரியாசுதீன் தன் தமிழை வரிவரியாக மறுபடியும் ஒல்லாந்தில் சொல்லிக் காட்டினான். 'கண்டறியப்பட்டுள்ளது' என்ற இடத்தில் யானுடைய விரல் நின்றது.

"யார் கண்டறிந்தது?"

"அப்படி ஆள் கிடையாது. அது மரியாதை."

"நான் 'பார்த்தேன்' என்றுதானே எழுதினேன்?"

"பார்த்தேன் என்றால் சாதாரணமாக இருக்கும்."

யான் துணியை உதறினான். வெள்ளையாகத் தூள் பறந்தது. "பார்த்தாயா? கஞ்சி. நெய்தவன் இழையைக் குறைத்துவிட்டால் கஞ்சியை ஏற்றுவான். கைக்கு மொடமொடப்பாக இருக்கும். ஒரு தடவை அலசினால் உள்ளே ஒன்றுமிருக்காது. நான் எழுதியது நண்பன் நண்பனுக்கு எழுதியது. நீ படித்தது வைத்தியன் நோயாளிக்கு எழுதியது." பிறகு கேட்டான்: "அங்கே என்ன சாப்பிட்டாய்?"

"அது கடிதத்தில் இல்லையே," என்றான் ரியாசுதீன்.

குறை எங்கே என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சொந்தச் சரக்கைக் கலந்ததுதான் தப்பு. இனி மூலத்துக்கு உண்மையாக இருப்பது. ஒல்லாந்து வார்த்தை ஒன்றுக்குத் தமிழ் வார்த்தை ஒன்று, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

செவ்வாய்க்கிழமை வேப்பிலைக்கு இந்தப் பக்கம் நின்று படித்தான்.

"நண்பா. நான் உன்னோடு கூட வாழ்கிறேன்."

"எங்க?" என்றாள் கோவிந்தம்மா.

"இங்க இல்லக்கா. அது ஒரு பேச்சு. ஒருத்தரு கஷ்டத்துல இருந்தா ஒல்லாந்துல அப்படித்தான் சொல்லுவாங்க."

"இருக்கறது ஒரே அற. அதுலயும் பாதி வலை. தொர கால நீட்டுனா கதவ சாத்த முடியாது."

"அக்கா, மீதியையும் கேளுங்க. 'உன் இடுப்புக் கச்சையின் கீழ் ஓர் இருதயத்தைச் செருகுகிறேன்.'"

தேசப்பன் இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"தைரியம் குடுக்கறதுக்கு அப்படிச் சொல்லுவாங்கண்ணா. அங்க வழக்கம்."

"யாரோட இருதயம்?" என்று மெதுவாகக் கேட்டான் தேசப்பன்.

ரியாசுதீன் மூலத்தைப் பார்த்தான். யாருடையது என்று மூலத்தில் இல்லை. "போடல," என்றான் நேர்மையாக. பிறகு கடைசி வார்த்தைக்கு வந்தான். ஒல்லாந்தர்கள் துக்கத்தில் இருப்பவரிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதன் சரியான பொருளும் ஒரே வார்த்தைதான். நெஞ்சை நிமிர்த்தி உரக்கச் சொன்னான்: "பலம்!"

கோழி ஒன்று கூரைமேல் ஏறிவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த முனியன் 'இருதயம்', 'செருகு' என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, குறி சொல்லும் இருசம்மாள் வீட்டுக்கு ஓடினான். இருசம்மாள் உடனே வந்தாள். வேப்பிலையைக் கழற்றச் சொன்னாள். இது நோவு இல்லை, ஏவல் என்றாள். எலுமிச்சம்பழத்தை அறுத்து நாலு மூலையிலும் வைத்தாள். தேசப்பன் கால் மூன்று நாளைக்குத் தண்ணீரில் படக்கூடாது என்றாள்.

"மூணு நாளா?" தேசப்பனின் முகம் முதல் தடவையாக வாடியது. "இறா கெளம்பற நேரம்மா இது."

'முகவாட்டம்' என்று ரியாசுதீன் குறித்துக்கொண்டான். யான் சொன்னது சரிதான். மனிதன் உண்மையிலேயே நொந்துபோயிருக்கிறான். இத்தனை நாள் மூன்று வேளையும் வயிறாரத் தின்று, வாய்விட்டுச் சிரித்து, அதை மறைத்திருக்கிறான்.

"பாய்," என்றாள் கோவிந்தம்மா.

ரியாசுதீன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய்!"

"ம்? சொல்லுங்கக்கா."

"மூணு தபா கூப்டேன். சோறு வெச்சிருக்கேன்."

அன்றும் பாதி மீந்தது. எலுமிச்சை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை.

"சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்தால் இப்படித்தான்," என்றான் யான். "இங்கே சாயம் போடுகிறவர்களிடம் கேட்டுப் பார். எங்கள் ஊர்ப் பூவை எழுதிக் கொடுத்தால், அதை இந்த ஊர்ப் பூவாக மாற்றித்தான் துணியில் போடுகிறார்கள். அதனால்தான் அது பூ மாதிரி இருக்கிறது."

ஆகவே இந்த ஊர்ப் பூவைப் போடுவது என்று ரியாசுதீன் முடிவு செய்தான். துக்கத்துக்கு இந்த ஊரில் என்ன சொல்கிறார்கள்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆடி மாதத்தில் வாசலில் வரிசையாக வந்து நின்று ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டுப் போனது எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது. அன்றைக்கு எதையும் காதில் வாங்கவில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான். எழுத உட்கார்ந்தால் மை காயாமல் வந்தது.

புதன்கிழமை படித்தான்.

"தங்களுக்கு நேர்ந்த ஈடு செய்ய முடியாத இழப்பை அறிந்து ஆறாத் துயரம் அடைந்தேன். எல்லாம் அவன் செயல். வந்தவர் எல்லாம் போகத்தான் வேண்டும். காலம்தான் இதை ஆற்ற வேண்டும். மனதைத் தேற்றிக்கொண்டு, மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பார்க்கவும்."

"ஐயோ!" என்று பக்கத்து வீட்டில் ஒரு குரல் எழுந்தது. "நோவு வந்து, ஏவல் வந்து, பூட்டாரா?"

அரை நாழிகைக்குள் தெருப் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். தோணிரேவில் வாழ்க்கைப்பட்டிருந்த தேசப்பனின் தங்கை வேலம்மாவுக்கு ஏரி வழியாகச் செய்தி போய், அவள் படகில் மாரடித்துக்கொண்டே வந்து இறங்கினாள். மணலில் புரண்டு, எழுந்து, வீட்டுக்குள் பாய்ந்தாள். உள்ளே அண்ணன் நண்டின் காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

வேலம்மாவின் ஒப்பாரி அந்தரத்தில் நின்றது.

"செத்தவன் நண்டு துன்றியா நீ!"

"நான் எங்கம்மா செத்தேன்? கண்ண தொடச்சிக்க. உனக்கும் ஒண்ணு எடுத்துக்க."

"ஏரி நெடுக அயுதுகினு வந்தேனே! படகுக்காரன் கூட சேந்து அயுதானே!"

வெளியே பெண்கள் எழுந்திருக்கத் தயங்கினார்கள். ஆரம்பித்த ஒப்பாரியைப் பாதியில் விட்டால் வீட்டுக்கு ஆகாது. வந்தது வந்தாயிற்று என்று ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் போனவர்களை நினைத்துப் பாட ஆரம்பித்தார்கள். எந்த ஒப்பாரியிலும் நடப்பதுதான். ஒருத்தி மாமியாருக்கு அழுதாள். ஒருத்தி கடலோடு போன தம்பிக்கு அழுதாள். வேலம்மாவும் கோபம் தணிந்து வந்து உட்கார்ந்தாள். அழ அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை. சுற்றிப் பார்த்தாள். தாளோடு நின்றிருந்த ரியாசுதீன் கண்ணில் பட்டான். அவன் வாப்பாவுக்கு மீன் விற்றுப் பழகியவள் அவள்.

"மடவையத் திருப்பித் திருப்பிப் பாப்பாரே, எங்க பெரிய பாயி," என்று எடுத்தாள். "செவுளத் தூக்கிப் பாத்துட்டு, சின்னதா சிரிப்பாரே, எங்க பெரிய பாயி..."

ரியாசுதீனின் கண்ணில் மணல் விழுந்தது. காற்று அடிக்கவில்லை. ஆனால் அது கடற்கரை, மணலுக்கு என்ன பஞ்சம்.

அன்று தட்டில் கால்வாசிதான் மீந்தது. அந்த அமளியில் அவன் கவனிக்கவில்லை. கோவிந்தம்மா கவனித்தாள்.

வியாழக்கிழமை ரியாசுதீன் யானிடம் போகவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆறுதல் சொல்லப்போய் ஓர் ஆரோக்கியமான மனிதனுக்கு நோவும் ஏவலும் சாவும் கொண்டுவந்தாயிற்று. நாளைக்குக் கப்பல். வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு நேராகக் குப்பத்துக்கு வந்து, தேசப்பனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தேடினான்.

தேசப்பன் கரையில் இருந்தான். அவனுக்குச் சற்றுத் தள்ளி முனியன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். தனியாகப் போனதில் அவன் வலை, தண்ணீருக்குள் கிடந்த பழைய முளைக்கம்பில் மாட்டி நெடுகக் கிழிந்துவிட்டிருந்தது. வலை போனால் இறால் காலம் போனது மாதிரிதான்.

ரியாசுதீன் நின்று பார்த்தான். தேசப்பன் இப்போது என்ன சொல்லப்போகிறான் என்பதில் அவனுக்குத் தொழில்முறையில் ஓர் ஆர்வம்.

தேசப்பன் எழுந்து போய் முனியன் பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்துக்கு எதிரில் இல்லை. பக்கத்தில், கடலைப் பார்த்து.

"சாப்டியாடா?"

"ம்."

"இன்னா சாப்ட?"

முனியன் கிழிந்த வலையைக் கையில் பிசைந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணும் சாப்டல மாமா," என்றான்.

கிழிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்படிக் கிழிந்தது, எவ்வளவு கிழிந்தது, தனியாகப் போகாதே என்று சொன்னேனே, எதுவும் இல்லை. தேசப்பன் காதிலிருந்து ஊசியை எடுத்து, வலையின் மறுமுனையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

"பாத்துக்கலாம் வுடு," என்றான். "நான் கீறேன்ல."

முனியன் மூக்கை உறிஞ்சினான். பிறகு தன் பக்கத்து முனையை எடுத்தான்.

ரியாசுதீன் மணலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். ஐந்து வருடத்தில் இவ்வளவு வேகமாக எழுதியதில்லை.

நோவுக்குப் பெயர் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்ததை அவனிடம் சொல்லவில்லை. 'சாப்டியா' என்பது சோற்றைப் பற்றிய கேள்வி இல்லை. 'ம்' என்பது பதிலும் இல்லை. அதனால்தான் 'இன்னா சாப்ட' என்று இரண்டாவதாக ஒன்று. அங்கேதான் கதவு திறக்கிறது. 'கவலைப்படாதே' என்று உத்தரவு போடவில்லை. 'பாத்துக்கலாம்' என்கிறான். யார் பார்த்துக்கொள்வது என்று அதில் இல்லை. இல்லாததால் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

கடைசியில் அந்த 'ல' என்ற ஒற்றை எழுத்து. அதற்கு முன்னால் ரியாசுதீன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். 'நான் இருக்கிறேன்' என்றால் அது ஒரு தகவல். வைத்தியத் துரை கூட வருகைப் பதிவில் அதைத்தான் சொல்கிறார். 'நான் இருக்கேன்ல' என்றால், உனக்கே தெரியும், கொஞ்சம் மறந்துவிட்டாய், அவ்வளவுதான். ஒல்லாந்து மொழி முழுவதையும் மனதுக்குள் துழாவிப் பார்த்தான். இந்த 'ல'வுக்கு அங்கே ஆள் இல்லை. யானுடைய 'உன்னோடு கூட வாழ்கிறேன்' கிட்டத்தட்ட அதைத்தான் சொல்ல முயன்றிருக்கிறது, பாவம், அத்தனை நீளத்தில்.

கடிதத்தை வெட்டிக்கொண்டே வந்தான். 'தாங்கள்' போயிற்று. 'உள்ளம்' போயிற்று. 'துயரம்' போயிற்று. இரண்டு பக்கம் ஐந்து வரியாயிற்று. எல்லாவற்றையும் அலசியபிறகும் துணி கையில் மிச்சமிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, முகத்துவாரத்துக்கு அப்பால் கப்பல் பாயை அவிழ்த்துக்கொண்டு நின்றது. கரையில் கடைசிச் சலங்குப் படகு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. தொப்பியோடு ஓர் உருவம் மட்டும் ஏறாமல் குப்பத்தைப் பார்த்து நின்றது.

ரியாசுதீன் ஓட்டமும் நடையுமாகத் தேசப்பன் வீட்டுக்கு வந்தான். எலுமிச்சம்பழங்கள் காய்ந்திருந்தன. தேசப்பனும் கோவிந்தம்மாவும் வாசலில் இருந்தார்கள். இந்தத் தடவை அவன் எதிரில் நிற்கவில்லை. தேசப்பன் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தான்.

"சாப்டியா?" என்று படித்தான்.

"ம்," என்றான் தேசப்பன்.

"இன்னா சாப்ட?"

"நீ சொல்லு."

இது தாளில் இல்லை. ரியாசுதீன் தாளைப் பார்த்தான். பிறகு, "ஒண்ணும் சாப்டல," என்று அவன் வாயிலிருந்து வந்தது. யாருடைய வரியை யார் சொல்கிறோம் என்று சற்றுக் குழம்பிவிட்டது. சமாளித்துக்கொண்டு தொடர்ந்தான். "ஒண்ணும் சொல்ல வேணாம். பாத்துக்கலாம். நான்..."

இருமினான். இருமல் எத்தனை நாளாக என்று தன்னையே கேட்டுக்கொள்ளத் தோன்றியது. மறுபடி ஆரம்பித்தான். "நான் இருக்..." இந்தத் தடவையும் அந்த 'ல' வரவில்லை.

தேசப்பன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் கீறேன்ல."

ரியாசுதீன் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். எழுத்து சிறியதாக இருக்கும்போது அப்படிப் பிடிக்க வேண்டியிருக்கும். தாள் நனைந்தது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கோவிந்தம்மா தட்டை வைத்தாள். சோறு, மடவைக் குழம்பு, ஓரத்தில் வறுத்த இறால். ரியாசுதீன் சாப்பிட்டான். பேசாமல், நிமிராமல் சாப்பிட்டான். தட்டு காலியானதும், "இன்னும் கொஞ்சம் குழம்பு இருக்காக்கா?" என்று கேட்டான்.

கோவிந்தம்மா புருஷனைப் பார்த்தாள். "முச்சூடும் துன்னுட்டாரு."

தேசப்பன் எழுந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கரையைப் பார்த்து மூன்று தடவை வீசினான். தூரத்தில் அந்த உருவம் தொப்பியைக் கழற்றி ஆட்டியது. பிறகு படகில் ஏறி உட்கார்ந்தது.

"ஏறிட்டாரே!" ரியாசுதீன் கையைக் கூட அலம்பாமல் எழுந்தான். "அண்ணா, நான் போய் இன்னும் அவருகிட்ட சொல்லவே இல்லையே, உங்க முகம் தெளிஞ்சிருச்சுன்னு!"

கோவிந்தம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"ஒக்காரு பாய். ஒம் பேரப் போட்டா பிரிக்காம பொட்டில போட்டுடுவன்னுதான், கடுதாசி மேல எங்கூட்டுக்காரரு பேர எழுதிக்கட்டுமான்னு தொர போன வாரமே எங்களாண்ட வந்து நல்லாத் தமிழ்ல கேட்டுட்டுப் போனாரு."